சுடோகு விடை சரிதானா என்று சரிபார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐயா, 81 கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். விடைப் பக்கம் கையில் இல்லை. சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒன்பது வரிசை, ஒன்பது நெடுவரிசை, மூன்றுக்கு மூன்றாக அமைந்த ஒன்பது பெட்டி என மொத்தம் 27 பகுதிகள் இருக்கின்றன. இவற்றில் எதிலும் ஓர் இலக்கம் இருமுறை வராவிட்டால் உங்கள் விடை சுடோகு விதிக்கு உட்பட்டது. விடைப் பக்கத்தின் தேவையே இல்லை.

எப்படிப் பார்ப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு வரிசையை இடமிருந்து வலமாக வாசித்து, "ஏதாவது இரண்டு முறை வருகிறதா?" என்று தேடினால், ஒவ்வோர் இலக்கத்தையும் மற்ற எட்டோடும் ஒப்பிட வேண்டியிருப்பதால், கண் சீக்கிரமே சோர்ந்துபோய் இரட்டிப்பைத் தாண்டிச் சென்றுவிடும். அதற்குப் பதிலாக 1 எங்கே, 2 எங்கே, 3 எங்கே என்று வரிசைக்கிரமமாக 9 வரை தேடுங்கள். ஒரு பகுதியில் இருப்பவை ஒன்பது கட்டங்கள். இட வேண்டியவையும் ஒன்பது இலக்கங்கள். ஆகவே ஏதேனும் ஒன்று இருமுறை வந்திருந்தால் வேறொன்று கட்டாயம் விடுபட்டிருக்கும். எதுவும் விடுபடவில்லை என்றால் எதுவும் இரட்டிக்கவும் இல்லை. இரட்டிப்பைத் தேடுவதைவிட விடுபட்டதைத் தேடுவது எளிது. "7 எங்கே?" என்று தேடி அது அகப்படாதபோது உடனே தெரிந்துவிடும்.

இந்த முறை கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருக்கும்போது மட்டுமே செல்லும். பாதி நிரம்பிய சதுரத்தைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இனி வரும் பதில்களில் இந்தச் சதுரத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இது சரியான விடை. வேண்டுமானால் 27 பகுதிகளையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

```
9 3 4 | 2 7 5 | 8 6 1
1 6 8 | 3 4 9 | 7 2 5
5 2 7 | 6 8 1 | 4 3 9
------+-------+------
8 1 6 | 9 3 4 | 2 5 7
7 5 2 | 1 6 8 | 3 9 4
4 9 3 | 5 2 7 | 6 1 8
------+-------+------
2 7 5 | 8 1 6 | 9 4 3
6 8 1 | 4 9 3 | 5 7 2
3 4 9 | 7 5 2 | 1 8 6
```

பெட்டிகளை மேலே இடது மூலையிலிருந்து வலப்பக்கமாக 1, 2, 3 என்றும், அதற்கடுத்த அடுக்கை 4, 5, 6 என்றும், கடைசி அடுக்கை 7, 8, 9 என்றும் எண்ணிக்கொள்வோம்.

வரிசையும் நெடுவரிசையும் எல்லாமே சரியாக இருக்கின்றன. பெட்டிகளையும் பார்த்துத்தான் ஆக வேண்டுமா?

ஆக வேண்டும். வரிசையும் நெடுவரிசையும் சரியாக இருந்து பெட்டிகள் தவறுவது அபூர்வமான விபத்து என்று நினைப்பவர்கள் உண்டு, உண்மை நேர்மாறானது. வரிசையிலும் நெடுவரிசையிலும் மட்டும் இரட்டிப்பு இல்லாத சதுரத்துக்கு இலத்தீன் சதுரம் என்று பெயர். ஒன்பதுக்கு ஒன்பது அளவிலான இலத்தீன் சதுரங்களில், பெட்டி விதியையும் நிறைவேற்றிச் சுடோகுவாக நிற்பவை ஏறத்தாழ 828,000-க்கு ஒன்றுதான். மற்ற எல்லாம் பெட்டியில் தோற்கின்றன.

நடைமுறையில் இது எப்படி நேர்கிறது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பினாங்கில் நாங்கள் நடத்தும் புதிர் வகுப்புக்கு வரும் பிள்ளைகள், சுவடியில் போட்டுத் தீர்த்ததை விடைத்தாளில் வரிசை வரிசையாகப் பெயர்த்து எழுதுவார்கள். அப்போது மூன்றாம் வரிசையும் நான்காம் வரிசையும் இடம் மாறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மேலே உள்ள சதுரத்தில் அப்படி மாற்றினால் மூன்றாவதாக 8 1 6 9 3 4 2 5 7 என்பதும், நான்காவதாக 5 2 7 6 8 1 4 3 9 என்பதும் வரும். இரண்டு வரிசைகளிலும் எதுவும் இரட்டிக்கவில்லை. எந்த நெடுவரிசையிலும் இலக்கங்கள் மாறவில்லை. இரண்டு இலக்கங்கள் மேலும் கீழுமாக இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். எனவே 18 பகுதிகளும் தேறிவிடும்.

ஆனால் முதல் பெட்டியைப் பாருங்கள். 9 3 4, அடுத்து 1 6 8, அதற்கும் கீழே மறுபடியும் 8 1 6. மூன்று இலக்கங்கள் இரண்டிரண்டு முறை நிற்க, 2, 5, 7 ஆகிய மூன்றும் காணாமல் போயிருக்கின்றன. இரண்டாம் பெட்டியில் 3, 4, 9 இரட்டிக்கின்றன. மூன்றாம் பெட்டியில் 2, 5, 7. இரண்டாம் அடுக்கின் மூன்று பெட்டிகளும் இதேபோல் உடைகின்றன. ஒன்பதில் ஆறு பெட்டிகள் தவறாக இருக்கும்போதும், பெட்டியைப் பார்க்காதவர் இந்த விடைக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடுவார்.

அதே அடுக்கிலேயே இரண்டு வரிசைகள் இடம் மாறினால், அதாவது முதல் வரிசையும் இரண்டாம் வரிசையும் மாறினால், பெட்டிகளும் தேறிவிடும். அந்தத் தவறைப் பிடிக்க வேறொரு சோதனை வேண்டும். நாளிதழ் விடை பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்த்து 45 வந்தால் போதாதா? எங்கள் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

போதாது. கூட்டுத்தொகை 45 வராவிட்டால் தவறு இருப்பது உறுதி. ஆனால் 45 வந்துவிட்டால் சரி என்று ஆகிவிடாது. 4-க்கும் 6-க்கும் பதிலாக இரண்டு 5 போட்டுவிட்டால் 1, 2, 3, 5, 5, 5, 7, 8, 9 என்றாகும். அதைக் கூட்டினாலும் 45 தான். இன்னும் மோசமான எடுத்துக்காட்டு வேண்டுமானால், 81 கட்டங்களிலும் 5 என்றே எழுதிவிடுங்கள். 27 பகுதிகளும் 45 என்று காட்டும்.

சிலர் கூட்டுவதோடு பெருக்கியும் பார்க்கலாமே என்பார்கள். 1 முதல் 9 வரை பெருக்கினால் 362,880 வரும். கூட்டுத்தொகையும் பெருக்குத்தொகையும் ஒருசேரப் பொருந்தினால் நிச்சயம் சரியாகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஆனால் 1, 2, 4, 4, 4, 5, 7, 9, 9 என்ற ஒன்பது இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 45, பெருக்கினால் 362,880. இதில் 3, 6, 8 மூன்றுமே இல்லை.

கூட்டிப் பார்ப்பதில் எனக்கு இன்னொரு குறையும் தெரிகிறது. 44 என்று வந்தால் தவறு இருக்கிறது என்று தெரியுமே தவிர, எந்த இலக்கம் இரட்டித்தது, எது விடுபட்டது என்று தெரியாது. 1 முதல் 9 வரை தேடிப் பார்ப்பதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். அதில் தவறின் பெயரும் கிடைத்துவிடுகிறது.

தவறு இருப்பது தெரிகிறது. ஆனால் எந்தக் கட்டத்தைத் திருத்துவது என்று புரியவில்லை.

முதல் தவறைக் கண்டவுடன் நிறுத்திவிடாமல், தவறிய பகுதிகள் எவை என்று முழுப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். சரியான சதுரத்தில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் தவறான இலக்கம் விழுந்திருந்தால், அந்தக் கட்டத்தின் வரிசை, நெடுவரிசை, பெட்டி ஆகிய மூன்றும் தவறும். மூன்றும் சந்திக்கும் இடமே குற்றவாளி. மூன்றிலும் விடுபட்டிருக்கும் இலக்கமே அங்கே வர வேண்டியது.

இரண்டு கட்டங்கள் இடம் மாறியிருந்தால் கொஞ்சம் நிதானம் தேவை. நம் சதுரத்தின் ஐந்தாம் வரிசையில் 7 5 2 1 6 8 3 9 4 என்பதற்குப் பதிலாக ஒருவர் 7 3 2 1 6 8 5 9 4 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். வரிசைகள் ஒன்பதும் தேறிவிடும். நெடுவரிசைகளைப் பார்க்கும்போது இரண்டாவதில் 3 இருமுறை வந்து 5 விடுபட்டிருக்கும். ஏழாவதில் 5 இருமுறை வந்து 3 விடுபட்டிருக்கும். பெட்டிகளில் நான்காவதில் 3 இரட்டிக்கும்; ஆறாவதில் 5 இரட்டிக்கும்.

இப்போது சந்திப்பைத் தேடுங்கள். இரண்டாம் நெடுவரிசையும் நான்காம் பெட்டியும் பொதுவாகக் கொண்டவை மூன்று கட்டங்கள். அவற்றில் இருப்பவை 1, 3, 9. இரண்டு பகுதிகளிலும் இரட்டித்தது 3 என்பதால் ஐயம் அந்த 3-இன் மேல் விழுகிறது. அதேபோல் ஏழாம் நெடுவரிசையும் ஆறாம் பெட்டியும் சந்திக்கும் கட்டங்களில் 2, 5, 6 இருக்கின்றன. அங்கே ஐயத்துக்குரியது 5. இரண்டு கட்டங்களும் ஐந்தாம் வரிசையிலேயே இருக்கின்றன. ஒன்றில் விடுபட்டது மற்றதில் கூடுதலாக நிற்கிறது. இடம் மாற்றி எழுதினால் எல்லாம் நேராகிவிடும்.

ஆனால் இந்த வழி பெயர்த்தெழுதும்போது நேர்ந்த பிழைகளுக்குத்தான் பொருந்தும். தீர்க்கும்போதே நடுவில் ஒரு தவறான முடிவெடுத்து, அதன் மேல் அடுத்தடுத்து இருபது கட்டங்களைக் கட்டியிருந்தால் நிலைமை வேறு. அப்போது இரட்டிப்பு தெரியும் இடம் தவறு வெளியே வந்த இடமே ஒழிய, தவறு பிறந்த இடம் அல்ல. அங்கே ஒன்றைத் திருத்தினால் வேறிடத்தில் இரண்டு உடையும். தவறிய பகுதிகள் ஐந்தாறைத் தாண்டி, அவை ஒரே கட்டத்தில் சந்திக்கவும் மறுத்தால், அழித்துவிட்டு அச்சில் உள்ள இலக்கங்களிலிருந்து மறுபடியும் தொடங்குவதையே நான் சொல்வேன். எந்த நிலையிலும், இரட்டித்த இரண்டில் ஒன்று அச்சில் கொடுக்கப்பட்டதாக இருந்தால் ஐயப்பட வேண்டியது மற்றதை.

உண்மையிலேயே 27 பகுதிகளையும் பார்க்க வேண்டுமா? குறைத்துக்கொள்ள வழி இல்லையா?

இருக்கிறது. ஒன்பது பெட்டிகள், ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டு வரிசைகள், மூன்று மூன்று நெடுவரிசைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு நெடுவரிசைகள். ஆக 9-உம் 6-உம் 6-உம் சேர்ந்து 21.

காரணம் எளிது. முதல் மூன்று பெட்டிகளும் சரி என்று தெரிந்துவிட்டால், அந்த அடுக்கின் 27 கட்டங்களில் ஒவ்வோர் இலக்கமும் சரியாக மூன்று முறை இருக்கிறது. முதல் வரிசை சரியென்றால் அதில் ஒவ்வொன்றும் ஒருமுறை செலவாகிறது; இரண்டாம் வரிசையும் சரியென்றால் இன்னொரு முறை. எஞ்சியிருக்கும் மூன்றாம் வரிசையில் ஒவ்வோர் இலக்கமும் ஒருமுறை இருந்தே தீரும். நெடுவரிசைகளுக்கும் இதே கணக்குதான். 21-க்கும் கீழே இறங்க முடியாது என்பதும் நிறுவப்பட்டிருக்கிறது.

இந்தக் கணக்கு முழுவதும் பெட்டிகளின் மேல்தான் நிற்கிறது. பெட்டிகளைப் பார்க்காமல் ஆறு வரிசை, ஆறு நெடுவரிசை மட்டும் பார்த்தால் எதுவும் உறுதியாகாது. எனவே முதலில் பெட்டிகளைப் பாருங்கள். அதிலேயே ஏதாவது தவறினால் சுருக்குவழியை விட்டுவிட்டு, மேலே சொன்னபடி 27-ஐயும் பார்த்துப் பட்டியல் எடுங்கள்; இடத்தைக் கண்டுபிடிக்க எல்லாத் தடயமும் வேண்டும். ஒரு தாளுக்கு ஆறு பகுதிகள் மிச்சமாவது பெரிய விஷயம் இல்லை. நாற்பது பேரின் தாள்களைத் திருத்துபவருக்கு 240 பகுதிகள் மிச்சமாகும்போது அருமை தெரியும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வரும்போது நாளிதழில் வந்ததைப் போட்டேன். 27-உம் சரி, ஆனால் மறுநாள் வந்த விடையோடு ஒத்துவரவில்லை. யார் சொல்வது சரி?

முதலில் அச்சில் கொடுக்கப்பட்ட இலக்கங்கள் ஒவ்வொன்றும் உங்கள் விடையில் அதே இடத்தில் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். இரட்டிப்புச் சோதனை இதைப் பற்றி எதுவும் சொல்லாது. சரியான சதுரம் ஒன்றில் எல்லா 4-களையும் 7 ஆக்கி, எல்லா 7-களையும் 4 ஆக்கினாலும் அது 27 சோதனைகளிலும் தேறும். ஆனால் அந்தப் புதிரின் விடை ஆகாது. ஒரே அடுக்கில் இரண்டு வரிசைகள் இடம் மாறினாலும் இப்படித்தான். மங்கலான அச்சில் 3-ஐ 8 என்றோ, 1-ஐ 7 என்றோ படித்துவிட்டால், நீங்கள் தீர்த்தது வேறு புதிர்.

கொடுக்கப்பட்டவை அனைத்தும் பொருந்தி, 27-உம் தேறி, அப்போதும் விடை வேறாக இருந்தால், ஒன்று நாளிதழின் விடையில் அச்சுப்பிழை இருக்க வேண்டும், அல்லது புதிருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் இருக்க வேண்டும். அச்சுப்பிழையா என்பதை அவர்கள் விடையிலும் இரட்டிப்பு இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். இல்லையென்றால், இரண்டு விடைகளும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று குறியுங்கள். பெரும்பாலும் அவை நான்கே கட்டங்களாக, இரண்டு வரிசையும் இரண்டு நெடுவரிசையும் சந்திக்கும் மூலைகளாக, இரண்டே பெட்டிகளுக்குள் அடங்கியிருக்கும். ஒரு குறுக்கில் 2, மறு குறுக்கில் 6 என்று நிற்கும். அந்த நான்கில் ஒன்றையும் அச்சில் கொடுக்காவிட்டால், 2-ஐயும் 6-ஐயும் எப்படி மாற்றி வைத்தாலும் எந்தப் பகுதியும் உடையாது. அப்போது இருவர் விடையும் சரி. குறை புதிரை அமைத்தவருடையது.

பாதி போட்டிருக்கும்போது எங்கும் இரட்டிப்பு இல்லை என்றால், இதுவரை போட்டது சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒரு வரிசையில் 1 முதல் 8 வரை நிரம்பி, ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அந்தக் கட்டத்தின் நெடுவரிசையில் வேறிடத்தில் 9 ஏற்கெனவே இருக்கிறது. எங்கும் இரட்டிப்பு இல்லை, ஆனால் அந்தக் கட்டத்தில் எதையும் எழுத முடியாது. இரட்டிப்பு இருந்தால் தவறு நேர்ந்துவிட்டது என்று மட்டும் பாதியில் சொல்லலாம்.

ஐயா, என் மகன் நான்காம் படிவத்தில் கணினி அறிவியல் படிக்கிறான். இதைச் சரிபார்க்கும் பைத்தான் நிரல் எழுதினான். சரியான விடையையும் தவறு என்கிறது. எங்கே கோளாறு?

நிரலைப் பார்க்காமல் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆனால் இந்த அறிகுறிக்குப் பெட்டி எண்ணைக் கணக்கிடும் வரியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சரியான வடிவம் இது:

```python
def ok(g):
    seen = set()
    for r in range(9):
        for c in range(9):
            d = g[r][c]
            if d not in range(1, 10):
                return False
            b = (r // 3) * 3 + c // 3
            for k in (("r", r, d), ("c", c, d), ("b", b, d)):
                if k in seen:
                    return False
                seen.add(k)
    return True
```

பலர் `b = r // 3 + c // 3` என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் 0 முதல் 4 வரை ஐந்து எண்கள்தான் கிடைக்கும். இரண்டாம் பெட்டிக்கும் நான்காம் பெட்டிக்கும் ஒரே எண் 1 விழும். நம் சதுரத்தை அந்த நிரலிடம் கொடுத்தால் முதல் மூன்று வரிசைகளைக் குறையில்லாமல் கடந்து, நான்காம் வரிசையின் முதல் கட்டத்தில் 8-ஐக் கண்டவுடன் "ஏற்கெனவே இருக்கிறது" என்று நின்றுவிடும். அது பார்த்த 8 இரண்டாம் பெட்டியில் இருப்பது. நிரல் எப்போதும் நான்காம் வரிசையின் தொடக்கத்திலேயே நிற்கிறது என்றால் கோளாறு இதுதான்.

முதல் கட்டத்திலேயே நிற்கிறது என்றால், இலக்கங்கள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக உள்ளே வந்திருக்கலாம். `"9"` என்பது `range(1, 10)`-இல் இல்லை. `int()` கொண்டு மாற்றச் சொல்லுங்கள்.

திருத்திய பிறகு மூன்று சதுரங்களைக் கொடுத்துப் பார்க்கட்டும்: மேலே உள்ள சரியான சதுரம், மூன்றாம் நான்காம் வரிசைகள் இடம் மாறியது, 81 கட்டங்களிலும் 5 உள்ளது. முதலாவதற்கு `True`, மற்ற இரண்டுக்கும் `False` வர வேண்டும். இரண்டாவதற்கு `True` வந்தால் நிரல் பெட்டிகளைப் பார்க்கவே இல்லை. மூன்றாவதற்கு `True` வந்தால் அது எங்கோ கூட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் படிநிலை ஒன்று பிள்ளைகளுக்கு ஆறுக்கு ஆறு சுடோகு கொடுக்கிறோம். அதற்கும் இதே முறைதானா?

இதே முறைதான். இலக்கங்கள் 1 முதல் 6 வரை; ஆறு வரிசை, ஆறு நெடுவரிசை, ஆறு பெட்டி என 18 பகுதிகள். பெட்டி பொதுவாக இரண்டு வரிசை உயரமும் மூன்று நெடுவரிசை அகலமும் கொண்டது என்பதால் சுருக்குவழியின் கணக்கு கொஞ்சம் மாறும். ஆறு பெட்டிகளையும் பார்த்த பிறகு, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே ஒரு வரிசையைப் பார்த்தால் போதும். இடப் பாதியிலும் வலப் பாதியிலும் இரண்டிரண்டு நெடுவரிசைகளைப் பார்க்க வேண்டும். மொத்தம் 13.